பட்டறைக்கு ஒரு மென்பொருள், அதற்கு ஒரு பெயர்

தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் இருந்த ஆலைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் மூலப்பொருளும் இயந்திர உதிரிப் பாகங்களும் விற்றுவந்தவர் ஷியாம் சுந்தர் கோயங்கா. தன் வியாபாரக் கணக்கைப் பார்க்க ஒரு நல்ல மென்பொருள் அவருக்குக் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் அதை எழுதச் சொன்னார். 1986-ல் பெங்களூரில் ‘பியூட்ரானிக்ஸ்’ என்ற நிறுவனம் பிறந்தது. அவர்கள் விற்ற மென்பொருளின் பெயர் ‘பியூட்ரானிக்ஸ் ஃபைனான்ஷியல் அக்கவுண்டன்ட்’. 1988-ல் அந்த நீண்ட பெயரை எடுத்துவிட்டு ‘டேலி’ என்று வைத்தார்கள். 1999-ல் நிறுவனமே ‘டேலி சொல்யூஷன்ஸ்’ ஆனது.

அந்தப் பெயர் மாற்றத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணக்கு எழுதுகிறவர்கள் கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்கு முன்பே ‘கணக்கு டேலி ஆகவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாயில் ஏற்கெனவே இருந்த சொல்லை மென்பொருளின் மேல் ஒட்டினார்கள். புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. முதல் பெயரும் தெளிவான பெயர்தான், நிதிக் கணக்கர் என்றுதான் அதற்குப் பொருள். ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. தெளிவு என்பது அகராதிப் பொருளில் இல்லை. வேலை செய்கிறவரின் பேச்சில் அந்தச் சொல் இருக்கிறதா என்பதில் இருக்கிறது. சிறு தொழிற்சாலைகளுக்காக மென்பொருள் எழுதுகிற இளைஞர்கள் இன்று கோவையிலும் திருப்பூரிலும் ஓசூரிலும் நிறையப் பேர். அவர்கள் மாதக்கணக்கில் நிரல் எழுதிவிட்டுப் பெயரை ஒரு மாலைப்பொழுதில் முடிவு செய்கிறார்கள். அந்த மாலைப்பொழுதுக்காகவே இந்தக் கட்டுரை.

முதலில், வாங்குகிறவர் யார் என்று பார்க்கலாம். கோவையில் பத்து லேத்தும் இரண்டு சி.என்.சி.யும் வைத்திருக்கும் ஒரு மெஷின் ஷாப் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி ஒருவேளை தானே டர்னராக இருந்து வளர்ந்தவர். அவருக்கு மென்பொருள் பற்றிச் செய்தி வருவது விளம்பரத்தில் அல்ல. பக்கத்து ஷெட்காரர் சொல்வார், அல்லது ஆடிட்டர் சொல்வார். கொடிசியா நடத்தும் இன்டெக் கண்காட்சியில் நடந்துபோகும்போது ஒரு ஸ்டால் பலகையைப் படிப்பார். இந்த மூன்று இடத்திலும் பெயருக்குக் கிடைப்பது சில விநாடிகள். லேத் சத்தத்துக்கு நடுவே போனில் ஒருமுறை சொல்லப்படும். கேட்டவர் அதை வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து தட்டித் தேடுவார்.

அவருடைய பயம் என்ன என்பதும் தெரிய வேண்டும். ‘இது நமக்கானதா?’ என்பதுதான் அது. ‘ஈ.ஆர்.பி.’ என்ற மூன்றெழுத்தைக் கேட்டதும் பெரிய கம்பெனி, பெரிய செலவு, ஆறு மாத அமலாக்கம் என்று மனம் ஓடுகிறது. கார்ட்னர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1990-ல் பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களைக் குறிக்க உருவாக்கிய சொல் அது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் அதற்கு ஒட்டுதல் இல்லை. இன்னொரு பக்கம், லத்தீன் வாடை அடிக்கும் புனைசொற்கள் இருக்கின்றன. ‘எக்ஸ்’, ‘இயா’, ‘ஆரா’ என்று முடிபவை. கேட்கும்போது அது மருந்தா, கட்டுமான நிறுவனமா, காரா என்று தெரியாது. பெரிய நிறுவனம் பல கோடி விளம்பரச் செலவில் அந்த ஒலிக்குப் பொருளை ஊட்டிவிடும். மூன்று பேர் கொண்ட குழுவால் அது முடியாது.

எஸ்டோனியா என்ற சின்ன நாட்டிலிருந்து சிறு தொழிற்சாலைகளுக்கான இரண்டு மென்பொருள்கள் உலகெங்கும் விற்கின்றன. ஒன்றின் பெயர் ‘எம்.ஆர்.பி. ஈஸி’. மூலப்பொருள் திட்டமிடலுக்கு அந்தத் துறையில் வழங்கும் மூன்றெழுத்தோடு, ‘எளிது’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். இன்னொன்று ‘கட்டானா’, ஜப்பானிய வாளின் பெயர். இரண்டாவது பெயர் அழகானது, கூர்மையானது, மறக்காது. ஆனால் அது தனியாக நிற்க முடிவதில்லை. இருப்புக் கணக்கு என்பதைச் சொல்லும் வால் ஒன்று பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. வாள் என்ன செய்யும் என்பதை அந்த வால்தான் சொல்கிறது. அமெரிக்காவில் பிறர் தரும் வேலைகளை எடுத்துச் செய்யும் பட்டறைகளை ‘ஜாப் ஷாப்’ என்பார்கள். அவர்களுக்காக வந்த ஒரு பழைய மென்பொருளின் பெயர் ‘ஜாப்பாஸ்’. பட்டறைக்காரர் தன்னை எந்தச் சொல்லால் அழைத்துக்கொள்கிறாரோ அந்தச் சொல் பெயரிலேயே இருக்கிறது.

இனி ஒரு வேலையை எடுத்துக்கொண்டு பெயர் வைத்தே பார்க்கலாம். நம் ஊர் மெஷின் ஷாப்களில் பெரும்பகுதி ஜாப் ஒர்க். பம்ப் கம்பெனி காஸ்டிங்கை அனுப்பும். பட்டறை அதைக் கடைந்து, துளையிட்டுத் திருப்பி அனுப்பும். கூலிக்கு மட்டும் பில் போடும். பொருள் பார்ட்டியுடையது. அது போவதும் வருவதும் டி.சி. என்கிற டெலிவரி சலானில். பொருள் போன ஒரு வருடத்துக்குள் திரும்பி வராவிட்டால், ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி அது அனுப்பிய நாளிலேயே விற்கப்பட்டதாகக் கருதப்பட்டு, அனுப்பியவர் வரி கட்ட வேண்டிவரும். ஆகவே பம்ப் கம்பெனியிலிருந்து அடிக்கடி போன் வரும்: ‘எங்க காஸ்டிங் எத்தனை இன்னும் உங்ககிட்ட இருக்கு?’

உதாரணத்துக்கு, பார்ட்டி ஒரு டி.சி.யில் 500 காஸ்டிங் அனுப்புகிறது. பட்டறை முதலில் 300 பீஸ் முடித்து அனுப்புகிறது, பிறகு 160. கடையும்போது 22 காஸ்டிங்கில் ஊதுதுளை தெரிகிறது, அது வார்ப்புக்காரரின் குறை. 6 பீஸ் நம் ஆபரேட்டரின் கையில் அளவு தவறிப்போனது. இவை எல்லாம் சேர்ந்து 488. மீதி 12 எங்கோ ஷெட்டில் இருக்கிறது. அந்த 12-ஐச் சொல்வதுதான் நம் மென்பொருளின் வேலை. முதலாளி இதற்குத்தான் பணம் தருகிறார்.

இதற்கு முதலில் தோன்றும் பெயர் ‘ஜாப் ஒர்க் டி.சி. சாஃப்ட்வேர்’. இதைவிடத் தெளிவு இல்லை. ஆனால் நாளைக்கு இன்னொருவரும் இதையே வைப்பார். தேடினால் இருபது வரும். சட்டப் பாதுகாப்பும் கிடைக்காது. அதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்தது ‘பட்டறை’. தமிழ்ச் சொல், சூடான சொல். ஆனால் கோவையில் வேலைக்குப் போகிறவர் ‘கம்பெனிக்குப் போறேன்’ என்றுதான் சொல்கிறார். கடன் வாங்கி சி.என்.சி. இறக்கிய முதலாளி தன் இடத்தைக் கம்பெனி என்றே நினைக்கிறார். அவரிடம் பட்டறை என்று விற்கப்போனால், தன்னைச் சிறியவனாகப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றக்கூடும். எழுதுகிற நாம் பட்டறை என்று சொல்லலாம். விற்கிறவர் சொல்லும்போது எடை வேறு.

‘பீஸ் கணக்கு’ நன்றாக இருக்கிறது, ஷெட்டில் எல்லோரும் சொல்வதும்தான். போனில் சொல்லிப் பார்த்தால் ‘ஃபீஸ் கணக்கு’ என்று காதில் விழுகிறது. பள்ளிக்கூட மென்பொருள் ஆகிவிடுகிறது. ‘பாக்கி’ என்றால் கடன் நினைவு வருகிறது. ‘சரி’ என்ற சொல் கணக்குக்குப் பொருத்தம்தான். ஆனால் ஆங்கில எழுத்தில் Sari என்று தட்டினால் சேலைக் கடைகள் வரிசையாக வரும்.

ஆங்கில எழுத்துப் பிரச்சினையில் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழ்ப் பெயர் வைக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் அடிபடுகிறார்கள். பெயர் தமிழில் இருந்தாலும் தேடுவதும், இணைய முகவரி தட்டுவதும், பில்லில் அச்சாவதும் அநேகமாக ஆங்கில எழுத்தில். ‘தொழில்’ என்று ஒருவர் சொன்னதைக் கேட்டவர் Thozhil என்று தட்டலாம், Tholil என்று தட்டலாம், Tozhil என்றும் தட்டலாம். ழ, ற, த, நெடில் இவை நான்கும் எழுத்துக்கூட்டலை உடைப்பவை. பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூன்று விதமாக எழுதப்படும் பெயர், தேடும் இடத்தில் மூன்றில் இரண்டு பேருக்கு இல்லாத பெயர். இதைச் சோதிக்க வழி எளிது. மென்பொருளோடு சம்பந்தமில்லாத சில சூப்பர்வைசர்களிடம் போனில் ஒரே ஒருமுறை பெயரைச் சொல்லி, ‘அதை வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். வந்த பதில்கள் ஒரே மாதிரி இருந்தால் பெயர் பிழைக்கும். மறுநாள் அதே ஆட்களிடம், ‘நேத்து ஒரு சாஃப்ட்வேர் பேர் சொன்னேனே, அது எதுக்குன்னு நினைச்சீங்க?’ என்று கேளுங்கள். பெயர் நினைவில் இருக்கிறதா, பொருள் ஊகிக்க முடிந்ததா என்ற இரண்டும் அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். நண்பர்களையும் குடும்பத்தாரையும் கேட்காதீர்கள். அவர்களுக்கு உங்கள் மேல் இருக்கும் அன்பு பதிலைக் கெடுக்கும்.

மேலே பார்த்த போன் கேள்விக்குத் திரும்புவோம். அதற்கு ஷெட்டில் சூப்பர்வைசர் என்ன சொல்வார்? ‘கைவசம் பன்னிரண்டு இருக்கு சார்.’ இந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ‘கைவசம்’ என்பது டி.சி.யையோ ஜாப் ஒர்க்கையோ நேராகச் சொல்லவில்லை. ஆனால் முதலாளி நாள்முடிவில் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான். Kaivasam என்று எழுதுவதில் குழப்பம் குறைவு. கஞ்சிக்கோட்டில் இருக்கும் மலையாளப் பட்டறைக்காரருக்கும் அது கிட்டத்தட்ட அதே சொல், அதே பொருள். அவர் Kaivasham என்று தட்டலாம் என்பதால் அந்த முகவரியையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும். ராஜ்கோட்டில் இருக்கும் பட்டறைக்கு அந்தச் சொல் ஒன்றும் சொல்லாது. முதல் ஐந்து வருடம் எங்கே விற்கப்போகிறோம் என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால், அது குறையா இல்லையா என்று தெரிந்துவிடும்.

தனியாக விட்டால் அதுவும் புதிர்தான். எனவே முழுப் பெயர் ‘கைவசம் – ஜாப் ஒர்க் டி.சி. கணக்கு’. ஸ்டால் பலகையில், பில்லில், திரையின் முதல் பக்கத்தில் என்று எல்லா இடத்திலும் இந்த வால் கூடவே வர வேண்டும். பேச்சில் வால் உதிர்ந்துவிடும், அதில் தவறில்லை. டேலி நிறுவனம் 2009-ல் ‘டேலி டாட் ஈ.ஆர்.பி. 9’ என்றும் 2020-ல் ‘டேலி பிரைம்’ என்றும் பெயரை நீட்டிப் பார்த்தது. கணக்குப் பார்க்கிறவர்கள் இன்றும் ‘டேலி’ என்றுதான் சொல்கிறார்கள். தலை பேச்சுக்கு, வால் கண்ணுக்கு என்று இரண்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்.

வாலில் எதைப் போடக்கூடாது என்பதும் உண்டு. வரியின் பெயரைப் பெயருக்குள் போட வேண்டாம். ‘வாட்’ என்று போட்டிருந்தவர்களின் பெயர் 2017 ஜூலை 1-ஆம் தேதி காலையில் பழசாகிவிட்டிருக்கும். வருடத்தைப் போட வேண்டாம். பதிப்புகளுக்குத் தங்கம், வெள்ளி என்று வைப்பதையும் நான் தவிர்ப்பேன். டேலியில் சில்வர், கோல்டு என்று இருந்தாலும் வாங்குகிறவர் கேட்பது ‘சிங்கிள் யூசரா, மல்டி யூசரா?’ என்றுதான், அந்த நிறுவனமும் உலோகப் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுதித்தான் விற்கிறது. கடைசியில் அந்தச் சொல்தான் விற்பனையை முடிக்கிறது என்றால், அதையே பெயராக வைத்துவிடலாம்.

இப்போது சட்டம். தெளிவான பெயருக்கும் சொந்தமான பெயருக்கும் இடையே ஓர் இழுபறி உண்டு. 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் 9-ஆம் பிரிவில், பொருளின் வகையையோ தன்மையையோ நோக்கத்தையோ மட்டும் சொல்லும் சொற்களைப் பதிவு செய்ய மறுக்கிறது. ‘ஜாப் ஒர்க்’ என்ற சொல் ஊருக்குப் பொது. அதை ஒருவர் வேலி போட்டு எடுத்துக்கொள்ள முடியாது. விண்ணப்பத்துக்கு முன்பே மக்கள் அந்தப் பெயரை ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தோடு சேர்த்துத்தான் நினைக்கிறார்கள் என்று நிரூபித்தால் விலக்கு உண்டு, ஆனால் புதிதாகத் தொடங்குகிறவரிடம் அந்த ஆதாரம் இருக்காது. தமிழில் வைத்தால் அதிகாரிக்குத் தெரியாமல் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வேற்று மொழிச் சொல்லாக இருந்தால் அதன் எழுத்துப்பெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ விண்ணப்பத்தோடு தர வேண்டும் என்பது விதி. ‘டி.சி. கணக்கு’ தமிழிலும் வெறும் விவரணையே.

‘கைவசம்’ போன்ற சொல் பொருளை மறைமுகமாகச் சுட்டுவது. அதற்கு வாய்ப்பு அதிகம், உறுதி என்று சொல்ல முடியாது. மனுப் போடுமுன் வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். எழுத்துப்படி மட்டும் தேடி நிறுத்திவிடாமல், ஒலி ஒற்றுமைத் தேடலையும் போட வேண்டும். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயரும் தடையாகும். கம்ப்யூட்டரில் நிறுவும் மென்பொருள் 9-ஆம் வகுப்பில் வரும். இணையம் வழியாகச் சந்தாவுக்குத் தருவது 42-ஆம் வகுப்பில் வரும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். பரிசோதனையில் ஆட்சேபம் வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். இதழில் வெளியான பின் நான்கு மாதம் வரை பிறர் எதிர்க்கலாம். பதிவு பத்து வருடம் நிற்கும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

பெயர்ப்பலகை இத்தோடு முடிந்தது. ஆனால் பட்டறைக்காரர் தினமும் பார்ப்பது பலகையை அல்ல, திரைக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பெயர்களை. வெளியே ‘கைவசம்’ என்று அழகாக வைத்துவிட்டு உள்ளே புத்தகச் சொற்களைப் போட்டால் மூன்றாவது நாளே மென்பொருள் மூடப்பட்டு நோட்டு திரும்பி வந்துவிடும்.

‘ஸ்கிராப்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மென்பொருள்களில் கழிக்கப்பட்ட பீஸைப் பதிவு செய்யும் கட்டத்துக்கு இந்தப் பெயர்தான் இருக்கும். ஆனால் மெஷின் ஷாப்பில் ஸ்கிராப் என்றால் லேத்தில் சீவி விழும் உலோகச் சுருள். கிலோ கணக்கில் விற்பது. சூப்பர்வைசர் அந்தக் கட்டத்தில் 28 பீஸ் என்று போடாமல் 40 கிலோ என்று போட்டுவிடுவார். அவர்மேல் தவறில்லை. பெயரை ‘ரிஜெக்‌ஷன்’ என்று மாற்றினாலும் பாதிதான் தீரும். முன்பு சொன்ன 22-ம் 6-ம் ஒரே கட்டத்தில் விழுந்தால் சண்டை வரும். 22 பீஸுக்குப் பட்டறை காசு தர வேண்டியதில்லை. அதுவரை கடைந்த கூலியைக்கூடச் சில பார்ட்டிகளிடம் கேட்கலாம். 6 பீஸுக்குப் பார்ட்டி காஸ்டிங் விலையைக் கூலியில் கழித்துவிடும். ஆகவே ‘காஸ்டிங் ரிஜெக்‌ஷன்’, ‘மெஷினிங் ரிஜெக்‌ஷன்’ என்று இரண்டு கட்டம், இரண்டு பெயர். யாருடைய காசு என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

‘பேலன்ஸ்’ இன்னொரு வம்பு. கணக்கு எழுதும் பெண்ணுக்கு அது பார்ட்டி தர வேண்டிய ரூபாய். ஷெட்டில் இருப்பவருக்கு அது முடிக்க வேண்டிய பீஸ். ஒரே திரையை இருவரும் பார்க்கிறார்கள். ‘கைவசம் பீஸ்’, ‘வரவேண்டிய தொகை’ என்று எழுதிவிட்டால் குழப்பம் இல்லை, கொஞ்சம் நீளம்தான். திரையில் இடம் போதவில்லை என்று வடிவமைப்பாளர் சொல்வார். எழுத்தைச் சிறிதாக்கட்டும், அல்லது ஒரு கட்டத்தை எடுத்துவிடட்டும்.

மிகவும் நுட்பமானது ‘இன்வர்டு’, ‘அவுட்வர்டு’. பார்ட்டியிடமிருந்து காஸ்டிங் வந்தால் இன்வர்டு, முடித்து அனுப்பினால் அவுட்வர்டு. இதுவரை சரி. ஆனால் அந்தப் பீஸில் பாதியைப் பட்டறை வெளியே பிளேட்டிங்குக்கு அனுப்புகிறது. அதுவும் ஒரு டி.சி., அதுவும் அவுட்வர்டு. பிளேட்டிங்கிலிருந்து திரும்பினால் மறுபடி இன்வர்டு. ஒரே பீஸ் இரண்டு முறை உள்ளே வந்து இரண்டு முறை வெளியே போகிறது. பிளேட்டிங் முடிந்து வந்த 100 பீஸைப் புதிதாக வந்த காஸ்டிங் என்று யாராவது பதிந்தால், 500 வந்த இடத்தில் மென்பொருள் 600 காட்டும். கைவசம் 12 என்பது 112 ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு: வந்ததாகக் காட்டும் எண்ணிக்கை பார்ட்டியின் டி.சி.யில் எழுதியிருப்பதைவிட அதிகமாக இருந்தால், பெரும்பாலும் இந்தக் குழப்பம்தான். பயிற்சி கொடுத்துத் தீர்க்கலாம் என்று நினைப்பார்கள். ஆள் மாறினால் பயிற்சியும் போய்விடும். ‘பார்ட்டியிடமிருந்து வரவு’, ‘பார்ட்டிக்கு அனுப்பியது’, ‘பிளேட்டிங்குக்குப் போனது’, ‘பிளேட்டிங்கிலிருந்து திரும்பியது’ என்று நான்கு பொத்தான் வைத்தால் பயிற்சி தேவைப்படாது. திசையை மட்டும் சொன்னால் போதாது, யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்ல வேண்டும்.

இந்தச் சொற்களை எங்கே போய்த் தேடுவது? பட்டறையின் நோட்டில்தான். மென்பொருள் வருவதற்கு முன் சூப்பர்வைசர் வைத்திருந்த நீள நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பத்தியின் தலையிலும் அவர் கையால் எழுதிய பெயர் இருக்கும். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், சில இடத்தில் வெறும் இரண்டெழுத்து. நான்கைந்து பட்டறைகளின் நோட்டுகளைப் பக்கத்தில் வைத்தால் எந்தச் சொல் பொது, எது அந்த ஷெட்டுக்கு மட்டும் உரியது என்று தெரியும். பொதுவானதை மென்பொருளில் போட்டுவிட்டு, மற்றதை வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ள இடம் விடலாம். விற்றபின் வரும் உதவி அழைப்புகளையும் இதே கண்ணோடு குறித்துவைக்க வேண்டும். ‘எப்படிச் செய்வது?’ என்று கேட்டால் அது வேலைமுறைப் பிரச்சினை. ‘இதுல எதை அமுக்கணும்?’ என்று கேட்டால் அநேகமாக அது பெயர்ப் பிரச்சினை.

மாற்ற வேண்டும் என்று தெரிந்தபின் அவசரப்படக் கூடாது. திரையில் இருக்கும் பெயரை எந்த நாளிலும் மாற்றலாம், இரண்டு நாளில் பழகிவிடுவார்கள். அச்சாகும் டி.சி.யில் இருக்கும் பத்தித் தலைப்புகள் அப்படியல்ல. அந்தத் தாள் பார்ட்டியின் ஸ்டோர்ஸுக்குப் போகிறது; அங்கே ஒருவர் அதைப் பார்த்துத் தன் பதிவேட்டில் ஏற்றுகிறார். நடு வருடத்தில் தலைப்பு மாறினால் கேட்டிலேயே வண்டியை நிறுத்திவிடுவார்கள். அதை ஏப்ரல் முதல் தேதிக்கு வைத்துக்கொண்டு, மார்ச்சிலேயே பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றாகப் பின் செய்து ஒவ்வொரு பார்ட்டிக்கும் கொடுத்துவிட வேண்டும்.